ஃபேன் சுத்துது, படம் வரல்ல

கொட்டாஞ்சேனைப் பக்கம் நாங்கள் படிப்பிக்கும் பாடசாலையில் போன வாரம் நடந்ததைச் சொல்கிறோம். வீட்டில் பிள்ளைகளின் கொம்பியூட்டர் இப்படி நின்றால் உதவும்.

மழைக்கு மேல்மாடி அறை ஒழுகத் தொடங்கியதால் அங்கிருந்த கொம்பியூட்டரை அவசரமாகக் கீழே ஒஃபீசுக்கு இறக்கினோம். அதன் மொனிட்டரை மேலேயே மூடி வைத்துவிட்டு, கீழே பழைய மெஷினோடு இருந்த மொனிட்டரைப் பொருத்தினோம். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுத்தியது, லைட் எரிந்தது. திரையில் மட்டும் "NO SIGNAL". பதினோராம் தர தவணைப் பரீட்சைத் தாள் முழுக்க அதற்குள் இருந்தது. பென் ட்ரைவில் ஒரு கொப்பி எடுத்து வைக்காதது எங்கள் பிழைதான், மறைக்கத் தேவையில்லை.

கடையிலிருந்து ஒரு தம்பி வந்தார். தான் கொண்டுவந்த மொனிட்டரைப் பின்னால் மாட்டிப் பார்த்தார், அதிலும் ஒன்றும் வரவில்லை. "போர்ட் போய்ட்டு சேர், மாத்தணும்" என்றார். நாங்களும் நம்பிவிட்டோம். எங்களில் வெள்ளவத்தையில் இருக்கும் டீச்சர்தான், "நாளைக்கு என்ட லெப்டொப்ப கொண்டாறன், அதுக்குப் பிறகு முடிவெடுப்பம்" என்றார்.

அடுத்த நாள் அதே கேபிளை, அதே மொனிட்டரிலிருந்து லெப்டொப்பில் குத்தினோம். அப்போதும் "NO SIGNAL"! நல்லா வேலை செய்கிற லெப்டொப்புக்கே அப்படிச் சொல்கிறதென்றால் குறை கேபிளில் அல்லது மொனிட்டரில் இருக்க வேண்டும். அந்த மொனிட்டர் இத்தனை வருஷமும் பழைய மெஷினோடு நீல நிற வீஜீஏ கேபிளில் ஓடியது. இப்போது நாங்கள் மாட்டியது எச்டிஎம்ஐ. சில மொனிட்டர்கள் சிக்னல் வரும் வழியைத் தானாகத் தேடும். இதுவோ பழைய வழியையே பார்த்துக்கொண்டு நின்றது. கீழே இருக்கும் பட்டனை அழுத்தி, மெனுவில் "Input" என்பதை "HDMI" ஆக மாற்றியதும் லெப்டொப்பின் படம் பளிச்சென்று வந்தது. அப்படியென்றால் கேபிளும் நல்லது, மொனிட்டரும் நல்லது.

சந்தோஷத்தோடு கேபிளைத் திரும்பக் கொம்பியூட்டரில் குத்தினால், மறுபடியும் "NO SIGNAL". இந்த இடத்தில்தான் ஆட்கள் மனம் தளர்ந்து போர்ட் வாங்கப் போவார்கள். ஒரே மெஷினில் இரண்டு குறை இருந்தால், ஒன்றைத் திருத்தியும் திரையில் எந்த மாற்றமும் தெரியாது. லெப்டொப்பை வைத்துப் பார்த்திருக்காவிட்டால் மொனிட்டரைத் திருத்திவிட்டோம் என்பதே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஃபேன் சுத்துவது மின்சாரம் வருகிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. மெஷின் உண்மையில் எழும்பியதா என்று பார்க்க, ஒரு நிமிஷம் விட்டு கீபோர்டில் கெப்ஸ் லொக்கைத் தட்டினோம். அதன் லைட் பற்றி அணைந்தது. அப்போ உள்ளே மெஷின் எழும்பியிருக்கிறது, படம் வெளியே வரும் வழியில்தான் கோளாறு. (லைட் அசையாமல் இருந்திருந்தால் கதை வேறு. பிளக்கைக் கழற்றிவிட்டு ரெமைக் கழற்றி, பொன் நிற முனையைத் துடைத்து, டிக் என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பூட்டிப் பார்த்திருப்போம்.)

பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பினோம். எச்டிஎம்ஐ குத்தும் இடம் இரண்டு. ஒன்று மேலே, யூஎஸ்பி, கீபோர்ட் எல்லாம் குத்தும் வரிசையில். அது மதர்போர்டுடையது. மற்றது கீழே தனியாக, குறுக்காக. அது கிராஃபிக்ஸ் கார்டுடையது. நாங்கள் அவசரத்தில் மேலே குத்தியிருந்தோம். அந்தத் தம்பியும் அங்கேதான் குத்தினார், அதனால்தான் அவருடைய மொனிட்டரிலும் படம் வரவில்லை.

பழைய பில்லை எடுத்துப் பார்த்தோம். புரொசெசர் "i5-9400F". இன்டெல்லின் இந்த வகையில் கடைசியில் "F" எழுத்து இருந்தால் அதற்குள் கிராஃபிக்ஸ் இல்லை. போர்டில் ஓட்டை இருந்தாலும் அதற்குப் படம் அனுப்ப ஆள் இல்லை. வேறு புரொசெசர்களுக்கும் அதே போர்டை விற்பதால்தான் அந்த ஓட்டை வைத்திருக்கிறார்கள். "F" இல்லாத மெஷினிலும்கூட, தனிக் கார்ட் பூட்டியிருந்தால் பல போர்டுகள் மேல் ஓட்டையை நிறுத்தி வைக்கும்.

மெஷினை நிறுத்தி, கேபிளைக் கீழே கார்டில் குத்தி, மறுபடி போட்டோம். அல்ஹம்துலில்லாஹ், படம் வந்தது. ஒரு சதமும் செலவில்லை. உங்கள் வீட்டில் நடந்தால், யுனிட்டி பிளாசாவுக்குத் தூக்கிக்கொண்டு போகுமுன் பெட்டியின் பின்னால் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

அந்தத் தம்பிக்குக் கோல் எடுத்துச் சொன்னோம். "ஓ சேர், கீழ பாக்கல்லயே" என்று சிரித்தார். தாளை முதலில் பென்னில் ஏற்றினோம், பிறகுதான் பிரின்ட் எடுத்தோம்.