களிப்பான்குளத்துக்கு எத்தனை சாட்சிகள்?

சாலைக் கடைத்தெருவிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ளது களிப்பான்குளம். 17ஆம் நூற்றாண்டில் உமையம்மை ராணியின் ஐந்து புதல்வர்களை எட்டுவீட்டுப் பிள்ளைமார் அக்குளத்தில் மூழ்கடித்துக் கொன்றனர் என்பர்.

இதற்குச் சங்குண்ணி மேனனின் திருவிதாங்கூர் வரலாறும் (1878) நாகமையாவின் அரசுக் கையேடும் (1906) சான்றாகக் காட்டப்படுகின்றன. முன்னவர் நூலைப் பின்னவர் அறிவார். ஆதலால் இரண்டையும் ஒரே சாட்சியாகவே எண்ணுகிறேன். அச்சாட்சியும் நிகழ்வுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிற்பட்டது. மேனன் திருவிதாங்கூர் அரசின் அதிகாரி. பிள்ளைமாரை அழித்தவரோ அவ்வரச மரபின் மார்த்தாண்டவர்மர். அழிப்பை நியாயப்படுத்த இக்கதை எவ்வளவு வசதியானது!

காலத்தால் நெருங்கியவை பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைகள். கணக்கு ஓலை எவரையும் நம்பவைக்க எழுதப்படுவதன்று. அதுவே அதன் வலிமை. எனினும் பிள்ளைமார் கோயில் நிலங்களின் வரித்தண்டலோடு தொடர்புடையோர் எனப்படுவதால், ஓலைகளில் இக்கொலை காணப்படாவிடினும் அதை அவர்களுக்கான விடுதலைத் தீர்ப்பாக நான் கொள்ளேன்.