கொக்குகள் நின்றது



போன கிழமை என்னிடம் பின்னேர வகுப்புக்கு வரும் ஏழாம் தர மாணவன் ஒருவனின் உம்மா, அவன்ட தமிழ் பேப்பரைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு குரல் பதிவு. "டீச்சர், புள்ள கதைப் புத்தகத்த மளமளவெண்டு வாசிக்கிறான். வாசித்து விளங்குற கேள்விக்கெல்லாம் முழுப் புள்ளி. இலக்கண இடைவெளியில மட்டும் பத்துக்கு நாலு. கதைப் புத்தகம் எல்லாத்தையும் எடுத்துப் பூட்டி வெச்சிட்டன். இலக்கணப் புத்தகத்தப் பாடமாக்கச் சொல்லியிருக்கன்." குரலில் அழுகை இருந்தது.

நான் கடிதமாகவே பதில் எழுதினேன். இதே கவலையோடு வேறு வீடுகளும் இருக்கும் என்பதால், அவரின் சம்மதத்துடன் இங்கே போடுகிறேன்.

அன்புள்ள தாத்தா,

முதலில் புத்தக அலுமாரியைத் திறந்து விடுங்கள். மகனுக்கு நோய் வாசிப்பில் இல்லை. பேப்பரை நான் ஆறுதலாக இருந்து பார்த்தேன். பிழைத்த ஆறையும் ஒரு தாளில் எழுதி, ஏன் பிழைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குறித்தேன். "கொக்குகள் வாவிக்கரையில் நின்றது", "தோணிகள் கரைக்கு வந்தது", "மாடுகள் புல் மேய்கிறது", "இலைகள் உதிர்ந்தது" என்று எழுதியிருக்கிறார். நின்றன, வந்தன, மேய்கின்றன, உதிர்ந்தன என்று வந்திருக்க வேண்டும். நான்கும் நான்கு பிழை அல்ல. ஒரே பிழை நான்கு தரம் வந்திருக்கிறது. அது ஒன்று சரியானால் பத்துக்கு எட்டு.

மற்ற இரண்டும் வேறு வகை. "இவை என் கொப்பிகள் இல்லை" என்று எழுதியிருக்கிறார். "அல்ல" வர வேண்டும். "நீயும் தம்பியும் எப்போது வந்தாய்" என்றிருக்கிறது. "வந்தீர்கள்" வர வேண்டும். அவற்றை இப்போது தொடவில்லை. ஒரு நேரத்தில் ஒன்று போதும்.

இனி, சரியாக எழுதிய நாலையும் பாருங்கள். "அக்கா சிரித்தாள்", "அதிபர் பேசினார்" போன்றவை. இவற்றை அவர் விதி தெரிந்து எழுதவில்லை, காதை நம்பி எழுதியிருக்கிறார். வீட்டில் கேட்பதும் பேப்பரில் கேட்பதும் ஒன்றாக இருக்கும் இடத்தில் காது சரியாகச் சொல்லும். ஆனால் நம் வீட்டில் யாராவது "மாடுகள் வந்தன" என்று சொல்வோமா? "மாடெல்லாம் வந்திட்டுது" என்போம். பறவைகளைக் காட்டி "அதுகள் போகுது" என்போம், சிலர் "போகுதுகள்" என்பார்கள். "அவை" என்ற சொல்லே நம் பேச்சில் இல்லை. அதனால் அந்த இடத்தில் காது அவரைக் கைவிட்டு விடுகிறது.

அப்படியென்றால் இவ்வளவு வாசிக்கிற பிள்ளையின் கண்ணுக்கு இது ஏன் படவில்லை என்று கேட்பீர்கள். அதைப் பார்க்கத்தான் சனிக்கிழமை ஒரு சோதனை வைத்தேன். வாவியில் மீன் பிடிப்பதைப் பற்றி ஐந்து வரி எழுதி, நான்கு இடத்தில் வேண்டுமென்றே முடிவைப் பிழையாகப் போட்டேன். தடங்கலில்லாமல் வாசித்தார். எத்தனை தோணி, யார் வலை வீசியது, என்ன மீன் என்று கேட்டேன். எல்லாம் சரி. "இதில பிழை ஏதும் இருக்கா மகன்?" என்றேன். "இல்ல டீச்சர்" என்றார்.

வேகமாக வாசிக்கிறவர் பொருளைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். "கொக்குகள்", "கரை", "நின்" என்று கண்டதுமே படம் மனதில் வந்து விடுகிறது. அதற்குப் பிறகு வருவது "றதா" "றனவா" என்று பார்க்க அவருக்குத் தேவையில்லை. இடைவெளிக் கேள்வியோ அவர் பார்க்காமல் தாண்டிப் போகும் அந்தக் கடைசி எழுத்தைத்தான் கேட்கிறது. நான்கூட இரண்டு மாதமாக அவர் கொப்பியில் "கவனயீனம்" என்று சிவப்பில் எழுதி வந்தேன். அது என் பிழை. சொல்லிக் கொடுக்காத ஒன்றுக்குக் கவனயீனம் என்று பெயர் வைத்து விட்டேன்.

இப்போது செய்வது இதுதான். இடைவெளியைக் கண்டதும் வினைச்சொல்லிடம் "எது?" அல்லது "யார்?" என்று கேட்க வேண்டும். எது நின்றது? கொக்குகள். அதுதான் எழுவாய். அடுத்து, அந்தப் பெயரை எடுத்துவிட்டு அவன், அவள், அவர், அது, அவை என்பவற்றில் ஒன்றை வைக்க வேண்டும். கொக்குகள் என்றால் அவை. இனி முடிவைப் பாருங்கள். அவன் வந்தான், அவள் வந்தாள், அவர் வந்தார், அது வந்தது. நான்கிலும் பெயரும் வினையும் ஒரே ஒலியில் முடிகின்றன. அதனால் பிள்ளைகளுக்கு அது தானாகவே வரும். "அவை வந்தன" மட்டும் அப்படி ஒத்துப் போவதில்லை. ஆகவே பாடமாக்க வேண்டியது ஒரே வரிதான்: அவை என்றால் ன.

அதுவும் நடந்ததற்கும் நடப்பதற்கும் மட்டும். நடக்கப் போவதில் இந்தச் சிக்கலே இல்லை. அது வரும், அவையும் வரும். "வரவில்லை" என்பதும் இரண்டுக்கும் பொது.

ஒரு பொறி இருக்கிறது. "இறால்களின் விலை ______" என்று வந்தால், "இறால்கள்" கண்ணில் பட்டதும் "உயர்ந்தன" என்று எழுதத் தோன்றும். எது உயர்ந்தது என்று கேட்டால் விலை. விலை ஒன்று, ஆகவே உயர்ந்தது. முதல் படியைத் தாண்டி ஓடினால் இங்கே விழுவார்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலை. குர்ஆன் மத்ரஸாவில் மகன் ஓதும்போது ஒரு சொல்லின் கடைசிக் குறி மாறினாலும் மௌலவி நிறுத்தித் திருத்துகிறார் அல்லவா? அங்கே அவர் கடைசி எழுத்தை விழுங்குவதில்லை, சத்தமாக ஓதுவதாலும் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பதாலும். அதே போல அவர் விரும்பும் கதையில் ஒரு நாளைக்குப் பத்து வரி மட்டும் சத்தமாக வாசிக்கச் சொல்லி, நீங்கள் சமைத்துக்கொண்டே கேளுங்கள். வினைச்சொல்லின் முடிவு தெளிவாகக் காதில் விழ வேண்டும். மிச்சக் கதையை அவர் விருப்பப்படி ஓடவிடுங்கள். "அவை வந்தன" என்று நம் வீட்டில் யாரும் சொல்லப் போவதில்லை. அதை அவர் காது கேட்கக்கூடிய ஒரே இடம் புத்தகம்தான். அதைப் பூட்டி வைத்தால் கேட்கிற வழியும் போய்விடும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்கிறேன். இரண்டு மூன்று கிழமைக்கு எல்லாவற்றுக்கும் "ன" போடுவார். "மழை பெய்தன" என்றும் எழுதுவார். அப்போது பயப்பட வேண்டாம், ஏசவும் வேண்டாம். கடைசி எழுத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். எழுவாயைக் கேட்கும் பழக்கம் வந்தால் அது தானாக அடங்கும். வரும் தவணைப் பரீட்சைக்குள் பத்துக்குப் பத்து என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. புணர்ச்சி, ல-ள-ழ எல்லாம் வேறு கதை. இந்த ஒரு பிழை போகும் என்று மட்டும் சொல்கிறேன்.

வஸ்ஸலாம்.

கடிதம் இவ்வளவுதான். நேற்றுப் பின்னேரம் தாத்தா மறுபடியும் ஒரு பதிவு அனுப்பியிருந்தார். "டீச்சர், தேத்தண்ணி ஆறிட்டு எண்டு சொன்னன். 'ஆறின' எண்டு எனக்குத் திருத்துறான்."

தேத்தண்ணி எத்தனை கோப்பை என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன்.