பதினான்கு மணி நேரம்

அட்டவணை போடுகிறவர்கள் எல்லோருமே ஓரளவு கதாசிரியர்கள்தாம். காலை நாலு மணிக்கு எழுந்திருப்பதாகவும், எழுந்தவுடன் பௌதிகம் படிப்பதாகவும் காகிதத்தில் எழுதிவிடலாம். பாத்திரம் எழுந்திருக்க வேண்டுமே!

கோவில்பட்டிக்குத் தீப்பெட்டியும் கடலை மிட்டாயும் போலவே ஹாக்கியும் பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறது. அங்கே என் உறவுக்காரப் பெண் ஒருத்தி பிளஸ் டூ படித்துக்கொண்டே பள்ளிக்கூட அணியில் ஆடிவந்தாள். மார்ச்சில் பொதுப் பரீட்சை. நான் போயிருந்தபோது, "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க. எழுதினபடி ஒரு நாள் கூட நடக்க மாட்டேங்குது" என்று ஒரு தாளை நீட்டினாள். நாலு வர்ணத்தில் கோடு போட்ட அழகான அட்டவணை. வாரத்துக்கு 28 மணி நேரம் படிப்பு என்று கண்டிருந்தது.

இருவரும் உட்கார்ந்து செலவுக் கணக்கு எழுதுவது போல எழுதினோம். காலை 5.30க்கு எழுந்து இரவு 9.30க்குப் படுத்தால் விழித்திருப்பது 16 மணி. பள்ளிக்கூடம், போக வர, எட்டு. காலையும் மாலையும் ஒன்றரை ஒன்றரையாகப் பயிற்சி மூன்று. குளிக்க, சாப்பிட, காலுறை துவைக்க, அம்மா கூப்பிட்ட குரலுக்குப் போக மூன்று. மிச்சம் இரண்டே மணி நேரம். ஐந்து நாளைக்குப் பத்து.

சனி, ஞாயிறு திருச்சியில் பந்தயம் என்றால், பஸ்ஸில் போக ஐந்து மணி, வர ஐந்து மணி. மைதானத்தில் ஆடுவதும் காத்திருப்பதுமாகப் பன்னிரண்டு. தூக்கமும் சாப்பாடும் போக இரண்டு நாளுக்கும் சேர்த்து நாலு மணிதான் தேறும். ஆக மொத்தம் 14. அட்டவணை கேட்டதோ அதற்கு இரட்டிப்பு. பாக்கி 14 மணியை எங்கிருந்து எடுத்தாள்? தூக்கத்திலிருந்துதான். தினம் இரண்டு மணி.

இந்தக் கடன் பொல்லாதது. படித்தது மனத்தில் தங்குவது தூக்கத்தில்தான். ஓடின கால் தேறுவதும் தூக்கத்தில்தான். இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கிறபடியால், பெட்டியை உடைத்தால் இரண்டும் போகும். அடையாளமும் அவளே சொன்னாள்: ஒரே வரியை மூன்று தரம் படிக்கிறாள், நேராக வரும் பந்தை மட்டை நிறுத்தாமல் விட்டுவிடுகிறது. விழித்தவுடன் நாடி வழக்கத்தைவிட வேகமாக அடித்தால் உடம்பு இன்னும் தேறவில்லை என்று ஆட்டக்காரர்கள் அறிவார்கள். அவளுக்கு ஒரு வாரமாக அப்படித்தான் அடித்தது.

ஆகவே 14 மணியை 14 மணியாகவே வைத்துக்கொண்டோம். எந்த மணிக்கு எந்த வேலை என்பதை மாற்றினோம். மாலைப் பயிற்சிக்குப் பிறகு புத்தகத்தைப் பிரித்தால் கண் செருகுகிறது. ஆனால் கை எழுதிக்கொண்டிருந்தால் தூக்கம் சற்றுத் தள்ளி நிற்கும். அதனால் அந்த இரண்டு மணி கணக்குப் போடவும் ரசாயனச் சமன்பாடு எழுதவும் ஆயிற்று. பஸ்ஸில் வாசித்தால் அவளுக்குக் குமட்டும். அங்கே புத்தகமே வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்த தோழி ஒரு மதிப்பெண் கேள்விகளைக் கேட்க, இவள் பதில் சொல்லவேண்டியது. கணிதத் தாளில் மட்டும் அவை இருபது. பத்து மணிப் பிரயாணத்தில் ஒரு மணி இப்படிப் போனால் போதும். மற்ற நேரம் தூங்கலாம்.

புதுப் பாடத்துக்கும் மூன்று மணி நேர முழுத்தாள் எழுதிப் பார்ப்பதற்கும் இந்த வாரத்தில் இடமே இல்லை. அவை பந்தயம் இல்லாத ஞாயிறுகளுக்குப் போயின. எனவே ஒரு தாள் இரண்டு தாளாயிற்று: ஒன்று பந்தய வாரம், ஒன்று வீட்டு வாரம். எது எந்த வாரம் என்பதைப் பந்தயத் தேதிகளைப் பார்த்து முன்கூட்டியே குறித்துக்கொண்டாள்.

இவ்வளவும் காகிதம். ஒரு முடிச்சு மட்டும் காகிதத்தில் அவிழாது. ஞாயிறு இரவு 11 மணிக்கு வீடு திரும்புகிறவள் திங்கள் காலைப் பயிற்சிக்குப் போனால் முதல் நாளே கடன் ஆரம்பமாகிவிடும். அந்த ஒரு காலையை விடுவிக்க வேண்டியவர் கோச். "கேட்டா டீமிலேருந்து எடுத்துடுவாரோன்னு பயமா இருக்கு" என்றாள். அவள் அம்மாவோ ஆட்டத்தையே நிறுத்திவிடலாம் என்ற கட்சி.

கடைசியில் கணக்கு எழுதிய தாளையே கொண்டுபோய்க் காட்டினாள். அவர் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தாராம். தாம் ஒவ்வொரு பிள்ளையிடமிருந்தும் வாரத்துக்கு எத்தனை மணி வாங்குகிறோம் என்று அவர் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. பந்தயத்துக்கு மறுநாள் காலையில் பிளஸ் டூ பிள்ளைகள் வரவேண்டாம் என்று சொல்லி, மாலைக்கு மட்டும் வரச் சொன்னார். அம்மா இன்னும் முழுக்கச் சமாதானமாகவில்லை. ஆனால் இரவு 9.30க்கு விளக்கை அணைக்கிற வேலையைத் தாமே எடுத்துக்கொண்டுவிட்டாள்.