சாம்பல் நிறப் பொத்தான்: காத்திருந்தால் திறப்பதும் காத்திருந்தாலும் திறவாததும்

ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளுக்குள் `Developer options` என்றொரு பகுதி மறைந்திருக்கிறது. `Build number` என்ற வரியை ஏழு முறை தட்டினால் அது வெளிப்படும். அதனுள்ளே `OEM unlocking` என்று ஒரு பொத்தான். சில போன்களில் அது விரலுக்கு இணங்கி நகர்கிறது. சிலவற்றில் சாம்பல் நிறத்தில் உறைந்து கிடக்கிறது. ‘சில நாள் பொறுத்தால் தானே திறந்துவிடும்’ என்று சொல்வோரும் உண்டு; ‘போன் பழுது’ என்று ஒதுக்குவோரும் உண்டு. அண்மையில் எங்கள் ஆய்வகத்தில் இந்தப் பொத்தானோடு ஒரு வாரம் மல்லுக்கட்ட நேர்ந்தது. பழைய போன் வாங்கும் எவருக்கும் அதில் பணம் சார்ந்த ஒரு செய்தி இருப்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பொத்தான் எதற்கு என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். போனை இயக்கியதும் முதலில் விழித்து, இயங்குதளத்தைச் சரிபார்த்து எழுப்பும் சிறு நிரலைப் பூட்லோடர் என்கிறோம். அது பூட்டியிருக்கும் வரை, தயாரிப்பாளர் கையொப்பமிட்ட இயங்குதளத்தை மட்டுமே ஏற்கும். வேறொன்றை நிறுவ வேண்டுமானால் கணினியோடு இணைத்துப் பூட்டைத் திறக்க வேண்டும். திறக்கும்போது போனிலுள்ள தரவு முழுதும் அழிந்துவிடும். `OEM unlocking` பொத்தான் அந்தப் பூட்டைத் திறப்பதில்லை. ‘பின்னர் யாரேனும் திறக்க வந்தால் அனுமதிக்கலாம்’ என்னும் ஒப்புதலை மட்டுமே பதிந்துவைக்கிறது. இது 2014இல், ஆண்ட்ராய்டு 5 பதிப்போடு வந்தது. போனைத் திருடியவர் உள்ளே நுழைந்து இந்த ஒப்புதலை அளிக்க இயலாது என்பதால் அவரால் பூட்லோடரையும் திறக்க இயலாது என்பதே இதன் நோக்கம்.

இங்கே பலரும் கவனியாத ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு கேட்பது ஒரு ஒப்புதலை அன்று, இரண்டு ஒப்புதல்களை. ஒன்று பயனருடையது, மற்றொன்று போனை விற்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தினுடையது. இரண்டும் ‘ஆம்’ என்றிருந்தால்தான் பூட்லோடர் இசையும். பொத்தான் நம்முடைய ஒப்புதலுக்கானது மட்டுமே. நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாதபோது நம்முடையதற்குப் பொருளில்லை என்பதால், பொத்தானையே சாம்பலாக்கிவிடுகிறார்கள்.

எங்கள் ஆய்வகத்தில் தருமபுரியிலிருந்து வந்த இளம் ஆய்வாளர் ஒருவர் இருக்கிறார். போன் செயலிகள் எவ்வளவு மின்னாற்றலை உண்கின்றன என்பது அவர் ஆய்வுப் பொருள். செயலகத்தின் வேகம் தானாக ஏறி இறங்கினால் இரண்டு அளவீடுகள் ஒன்றுபோல் அமையா. வேகத்தை ஒரே நிலையில் நிறுத்த ரூட் அதிகாரம் வேண்டும். அதற்குப் பூட்லோடர் திறந்தாக வேண்டும். தம் உதவித்தொகையில் பதினாலாயிரம் ரூபாய் ஒதுக்கி, பெங்களூரு காந்திநகர்ப் பக்கத்துக் கடையொன்றில் அமெரிக்காவிலிருந்து வந்த பழைய பிக்ஸல் போன் ஒன்றை வாங்கிவந்தார். ‘அன்லாக் செட்’ என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்திருந்தார்.

“அக்கா, எந்த சிம் போட்டாலும் எடுக்குது. இது மட்டும் ஏன் நகர மாட்டேங்குது?” என்று போனை நீட்டினார்.

பொத்தானின் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: `Connect to the internet or contact your carrier`. நோயை அறிய முதலில் படிக்க வேண்டியது அந்த வரியைத்தான். அங்கே `Bootloader is already unlocked` என்றிருந்தால் பூட்டு ஏற்கெனவே திறந்திருக்கிறது, கவலையில்லை. `Unavailable on carrier-locked devices` என்றிருந்தால் சிம் பூட்டே இன்னும் அகலவில்லை. அலுவலகம் ஒன்றின் நிர்வாகத்தில் இருக்கும் போன் என்றால், நிர்வாகி தடுத்திருப்பதாக அறிவிப்பு வரும். பெங்களூரில் அலுவலகப் போன்கள் பழைய சந்தைக்கு வருவது புதிதன்று. ஆனால் எங்களுக்குக் கிடைத்த வரிதான் குழப்பமானது. ‘இணையத்தோடு இணை, அல்லது நிறுவனத்தைக் கேள்’ என்று ஒரே வரி இரண்டு வெவ்வேறு காரணங்களைச் சேர்த்துச் சொல்கிறது.

அவற்றைப் பிரிக்க ஒரு சோதனை செய்தோம். இந்தியாவில் புதிதாக வாங்கிய அதே மாடல் போன் ஒன்று ஆய்வகத்தில் இருந்தது. இரண்டையும் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்து, சிம் இல்லாமல், வைஃபை இல்லாமல் திறந்தோம். இரண்டிலும் பொத்தான் சாம்பல். இரண்டிலும் அதே வரி. பிறகு இரண்டையும் வைஃபையில் இணைத்தோம். இந்தியப் போனில் சற்று நேரத்தில் பொத்தானுக்கு உயிர் வந்தது. அமெரிக்கப் போனில் மறுநாள் வரை வைத்திருந்தும் எதுவும் மாறவில்லை.

காரணம் இதுதான். மீட்டமைத்த பிக்ஸல் போன், தான் யாருக்காக விற்கப்பட்டது என்பதைத் தானே அறியாது. இணையம் கிடைத்ததும் கூகுளின் சேவையகத்தைக் கேட்கிறது. ‘பூட்டிய விற்பனையன்று’ என்ற விடை வந்தால் நிறுவனத்தின் ஒப்புதல் பதிவாகிறது, பொத்தான் இயங்குகிறது. ‘பூட்டி விற்றது’ என்ற விடை வந்தால் பதிவாவதில்லை. ஆகவே இணைய வசதி இல்லாத போனும், நிரந்தரமாகத் தடுக்கப்பட்ட போனும் திரையில் ஒரே முகத்தைக் காட்டுகின்றன. இணையத்தில் இணைத்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

சிம் பூட்டு அகன்றபின் இது ஏன் அகலவில்லை? இரண்டும் வெவ்வேறு பூட்டுகள் என்பதால். அமெரிக்காவில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் போனைத் தவணைக்கு விற்கின்றன. தவணையைக் கட்டாமல் போனை விற்றுவிட்டுப் போவதைத் தடுக்கவே சிம் பூட்டு. 2019இல் அந்நாட்டின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி, வெரைசான் நிறுவனம் புதிய போன்களை 60 நாள் பூட்டிவைக்க இசைந்தது. மோசடியைத் தடுப்பதே சொல்லப்பட்ட காரணம். அந்த விதி இருந்த காலத்தில் கெடு முடிந்ததும் சிம் பூட்டு விலகியது; பிறகு போன் உலகில் எந்தச் சிம்மையும் ஏற்றது. ஆனால் அந்நிறுவனம் விற்ற பிக்ஸல் போன்களில் பூட்லோடருக்கான அனுமதி அத்தோடு வருவதில்லை. அறுபது நாளானாலும் ஆறு ஆண்டானாலும் பொத்தான் சாம்பலாகவே இருக்கும். வேறு சில நிறுவனங்களின் போன்களில் கடன் தீர்ந்து சிம் பூட்டு நீங்கியபின் பொத்தானும் உயிர்பெறுகிறது. ஆகவே ‘அமெரிக்கப் போன்’ என்பது மட்டும் விடையாகாது. எந்த நிறுவனம் விற்றது என்பதே விடை.

நம் நாட்டில் இந்த வேறுபாடு மனத்தில் பதியாததற்கு ஒரு வரலாறு உண்டு. இங்கே போனை ஒரு கடையிலும் சிம்மை இன்னொரு கடையிலும் வாங்குவதே வழக்கம். 2008இல் ஏர்டெல்லும் வோடஃபோனும் விற்ற ஐபோன் 3ஜி, 2017இல் அறிவிக்கப்பட்ட ஜியோபோன் என நிறுவனத்தோடு கட்டுண்ட கருவிகள் சிலவே. அதனால் நம் சந்தையில் ‘அன்லாக்’ என்ற சொல்லுக்கு ‘எந்தச் சிம்மும் வேலை செய்யும்’ என்ற ஒரே பொருள்தான் நிலைத்திருக்கிறது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் பேசியது ஒரு பூட்டைப் பற்றி. எங்களுக்கு வேண்டியிருந்தது இன்னொன்று.

‘பணம் கொடுங்கள், தொலைவிலிருந்தே பொத்தானைத் திறந்து தருகிறேன்’ என்போரையும் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டின் அமைப்பில் நிறுவனத்தின் ஒப்புதலை மாற்றும் கோரிக்கையோடு மின்கையொப்பம் ஒன்றையும் கேட்க இடமுண்டு. அந்தக் கையொப்பம் இல்லாமல் adb கட்டளைகளோ, போனின் தேதியை முன்னே தள்ளுவதோ, விலைக்கு வாங்கிய சிம் திறப்பு எண்ணோ அதை மாற்றுவதில்லை. சிம் திறப்பு எண் சிம் பூட்டுக்கு மட்டுமே உரியது.

காத்திருப்பு உண்மையிலேயே பயன்படும் இடமும் உண்டு. ஷாவ்மி போன்களில் `OEM unlocking` பொத்தான் பெரும்பாலும் தடையின்றி நகரும்; ஆனால் கணினியில் அந்நிறுவனத்தின் திறப்புச் செயலியை இயக்கினால், பல ஆண்டுகளாகப் பலருக்கும் கிடைத்த விடை ‘168 மணி நேரம் கழித்து வருக’ என்பதே. அதாவது ஏழு நாள். இடைத்தரகர்கள் பூட்லோடரைத் திறந்து, வேண்டாத மென்பொருளைத் திணித்துப் புதிய போன் என்று விற்றுவந்ததால் அந்நிறுவனம் 2016 முதல் இப்பூட்டைக் கொண்டுவந்தது. ஒரு வாரம் காத்திருப்பது உரிமையாளருக்குச் சிறு தொல்லை. நூற்றுக்கணக்கில் போன்களைத் திறக்கும் தரகருக்கோ பெரும் தடை. கணக்கையும் போனையும் பிணைத்த பின்னரே இந்தக் கெடு தொடங்குகிறது. அதை எண்ணுவது சேவையகம், போனின் கடிகாரமன்று. ஹைப்பர்ஓஎஸ் வந்தபின் நிபந்தனைகள் மேலும் இறுகின. இங்கே காத்திருப்பவருக்குக் கெடு எண்ணாகச் சொல்லப்படுகிறது. சாம்பல் பொத்தானின் கீழோ நாளும் இல்லை, மணியும் இல்லை. எண் சொல்லப்படாத இடத்தில் காத்திருப்பதில் பயனில்லை என்பது நான் கைக்கொள்ளும் எளிய அளவுகோல்.

நாங்கள் போனை எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பினோம். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார்; அவரிடமிருந்த வேறு மூன்று பிக்ஸல்களைச் சோதிக்க விட்டார். மூன்றின் வெளித்தோற்றத்தில் வேறுபாடில்லை. மாடல் எண்ணை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வழியுமில்லை. மீட்டமைத்த போனை எங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, ஏழு முறை தட்டி, பொத்தானைப் பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் ஆயிற்று. இரண்டில் பொத்தான் உறைந்திருந்தது, மூன்றாவதில் நகர்ந்தது. அதை இயக்கிவிட்டு, போனை அணைத்து, ஒலியைக் குறைக்கும் பொத்தானை அழுத்தியபடி மீண்டும் இயக்கிப் பூட்லோடர் திரைக்குச் சென்று, மடிக்கணினியில் இந்தக் கட்டளையைக் கொடுத்தோம்:

```
fastboot flashing get_unlock_ability
```

விடை 1 என்று வந்தது. ஒப்புதல் பதிந்துவிட்டது, இனிப் பூட்லோடர் இசையும் என்பது அதன் பொருள். 0 என்று வந்தால் இசையாது. ஆனால் பொத்தானை நாம் இயக்காதிருந்தாலும் 0 தான் வரும் என்பதால், காரணத்தை அறிய மீண்டும் பொத்தானின் கீழுள்ள வரியிடமே செல்ல வேண்டும். கூடுதலாக ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் பெற்றுக்கொண்டு கடைக்காரர் போனை மாற்றித் தந்தார். பழைய போன் அவருக்கும் வீணாகவில்லை. பேசவும் படமெடுக்கவும் வாங்குவோருக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

பழைய பிக்ஸல் ஒன்றில் வேறு இயங்குதளம் நிறுவும் எண்ணமிருந்தால், பணம் கைமாறும் முன்பே கடையில் இந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டுப் பெறுங்கள். ‘எந்தச் சிம்மும் வேலை செய்யுமா’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், வைஃபையில் இணைத்தபின் அந்தப் பொத்தான் நகர்கிறதா என்று கண்ணால் பாருங்கள். நகராவிட்டால், வீட்டுக்குக் கொண்டுபோய்க் காத்திருக்கலாம் என்று எண்ண வேண்டாம்.