வாய்க்கால் கதையில் நான் செய்த பிழை

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பொறியியலில் சேரும் பிள்ளைகளுக்காக நான் எழுதிய சிறுகதை அவர்களுக்குத் தவறாகக் கற்றுக்கொடுத்தது. அது தெரிந்த பிறகும் கொஞ்ச காலம் மறைத்தேன். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன்.

கதையில் ஒரு விவசாயி வாய்க்கால் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சுகிறார். வாய்க்காலில் அடுத்தடுத்து இரண்டு குறுகலான இடங்கள் இருந்தால் அதே தண்ணீர் இரண்டையும் கடக்க வேண்டும். அது தொடர் இணைப்பு. வாய்க்கால் இரண்டாகப் பிரிந்தால் தண்ணீரும் பிரியும். அது பக்க இணைப்பு. எழுதும்போது ஒன்றை யோசிக்கவில்லை. வாய்க்காலுக்கு வரும் தண்ணீர் ஓர் அளவுதான்; புது மடையைத் திறந்தால் பழைய மடைக்குக் குறையும். மின்கலம் அப்படி நடந்துகொள்வதில்லை.

கதையைப் படித்த மாணவியிடம் ஒரு கணக்குக் கொடுத்தேன். 12 வோல்ட் மின்கலத்தில் 6 ஓம் மின்தடை. ஓடுவது 2 ஆம்பியர். பக்க இணைப்பாக 3 ஓம் சேர்த்தால்? அவள் அந்த 2 ஆம்பியரையே பங்கிட்டு, 6 ஓமுக்கு 0.67, 3 ஓமுக்கு 1.33 என்று எழுதினாள். விகிதம் சரிதான். ஆனால் 6 ஓமை 0.67 ஆல் பெருக்கினால் 4 வோல்ட்தான் வருகிறது. மின்தடையின் இரு முனைகளும் 12 வோல்ட்டில் இருக்கும்போது மீதி 8 வோல்ட் எங்கே போகும்? சூத்திரத்தை ஒழுங்காகப் படி என்று கடிந்தேன். "கதையில அப்படித்தானே சார் இருக்கு?" என்றாள். பேச்சை மாற்றினேன்.

மின்கலம் மாறாமல் வைத்திருப்பது மின்னழுத்தத்தை, மின்னோட்டத்தை அல்ல. எனவே 6 ஓமில் முன்போல் 2 ஆம்பியரே ஓடும். 3 ஓம் தன் பங்குக்கு 4 ஆம்பியர் இழுக்கும். மின்கலம் தருவது 6 ஆம்பியர். மொத்த மின்தடை 12 வகுத்தல் 6, அதாவது 2 ஓம். வழி ஒன்று கூடியதால் அது 3 ஓமைவிடவும் குறைகிறது. அதே இரண்டையும் தொடராக வைத்தால் 9 ஓம். இரண்டிலும் ஒரே 1.33 ஆம்பியர். 12 வோல்ட்தான் 8, 4 என்று பிரிகிறது.

பிறகு கதையை ஏரிக்கரைக்கு மாற்றினேன். நிறைந்த ஏரியில் இரண்டாவது மதகைத் திறந்தாலும் முதல் மதகின் ஓட்டம் குறையாது, நீர்மட்டம் இறங்காதவரை. மின்கலத்துக்கும் இந்த எல்லை உண்டு. பழைய மின்கலத்தின் அகமின்தடை கூடியிருக்கும். அதிகமாக இழுத்தால் மின்னழுத்தம் சரிந்து, முதல் மின்தடையிலும் ஓட்டம் குறையும்.

அந்த மாணவியைக் கூப்பிட்டு, பிழை உன் கணக்கில் இல்லை, என் கதையில்தான் என்று சொன்னேன். கடிந்த அன்றே சொல்லியிருக்க வேண்டியது அது.