நன்றிக் கடிதத்தில் நான் செய்த நாலு தப்பு

பரீட்சை முடிந்துவிட்டதால் இன்றைக்குக் கொஞ்சம் நிதானமாக எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். சாயங்கால வகுப்பில் நான் ஜப்பானிய மொழி படிக்கிறேன் என்பது பலருக்குத் தெரியும். "எழுத்துதான் கஷ்டமா?" என்று எல்லோரும் கேட்கிறீர்கள். எழுத்து கஷ்டம்தான், ஆனால் உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் வந்துவிடும். என்னை ஒரு நன்றிக் கடிதத்தில் தலைகுனிய வைத்தது வேறு ஒன்று. "கொடுத்தான்", "வாங்கினேன்" என்ற சின்ன வினைச்சொற்கள்.

(ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினால் உச்சரிப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

மாணவர் பரிமாற்றத்தில் ஒசாகாவுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். அம்மா, அப்பா, பள்ளிக்கூடம் போகும் ஒரு தங்கை. திரும்பி வந்ததும் அந்தக் குடும்பத்துக்கு நன்றிக் கடிதம் எழுதி, அனுப்பும் முன் எங்கள் சென்செய்யிடம் காட்டினேன். ஆசிரியருக்கு ஜப்பானியத்தில் சென்செய் என்று பெயர். கடிதத்தின் நடுப்பகுதி இதுதான்:

அம்மா எனக்கு மதியச் சாப்பாடு கட்டினார் (ட்சுகுரிமஷிதா).
அப்பா என்னை ஸ்டேஷன் வரை கொண்டு விட்டார் (ஒகுரிமஷிதா).
தங்கை எனக்குக் கஞ்ஜி எழுத்து கற்பித்தாள் (ஒஷியேமஷிதா).
நான் உங்களுக்குக் கறி செய்து கொடுத்தேன் (ட்சுகுத்தெ அகெமஷிதா).

இலக்கணப்படி ஒரு பிழை இல்லை. எழுத்துப்பிழைகூட இல்லை. சென்செய் படித்துவிட்டு, சிரித்தபடியே, "இது ஹோகோகு மாதிரி இருக்கிறதே" என்றார். ஹோகோகு என்றால் அறிக்கை. நன்றிக் கடிதம் எழுதப் போய் நான் போலீஸ் ஸ்டேஷன் அறிக்கை எழுதியிருக்கிறேன்! கடைசி வரி அறிக்கைகூட இல்லை, அது கணக்குத் தீர்ப்பது என்றார்.

ஏன் என்று பார்ப்போம்.

ஜப்பானியத்தில் கொடுக்கல் வாங்கலுக்கு அடிப்படையாக மூன்று வினைகள். அகெரு, குரெரு, மொரவு. அகெரு என்றாலும் கொடுப்பது, குரெரு என்றாலும் கொடுப்பது. வித்தியாசம் திசையில் இருக்கிறது. என்னிடமிருந்து வெளியே போனால் அகெரு. வெளியிலிருந்து என்னிடம் வந்தால் குரெரு. மொரவு என்பது வாங்குவது, பெறுவது. அதில் பெற்றவர்தான் எழுவாய்.

"என்னிடம்" என்பதில் நான் மட்டும் இல்லை. பக்கத்து வீட்டு மாமி என் தம்பிக்கு மிட்டாய் கொடுத்தாலும் குரெருதான், ஏனென்றால் தம்பி என் பக்கத்து ஆள். முன்பின் தெரியாத இருவர் தங்களுக்குள் கொடுத்துக்கொண்டால் அகெரு. நண்பன் ஒருவனுக்கு யாரோ உதவினால்? அவனை நான் எவ்வளவு என்னுடையவனாக நினைக்கிறேன் என்பதைப் பொறுத்தது. ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போதே யார் உள்ளே, யார் வெளியே என்று கோடு போட்டுவிடுகிறோம்.

என் வகுப்பில் ஒரு பாலக்காட்டுப் பையன் இருக்கிறான். இந்தப் பாடத்தில் அவன் மட்டும் அலட்டிக்கொள்ளவே இல்லை. மலையாளத்தில் எனக்கு என்றால் "தன்னு", அவனுக்கு என்றால் "கொடுத்து" என்று இன்றும் பிரித்துத்தான் பேசுகிறார்கள். நமக்கும் இது புதிதில்லை. தருவதும் வருவதும் தன்மை, முன்னிலைக்கு உரியவை. கொடுப்பதும் செல்வதும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே இருக்கிறது. இன்று நாம்தான் "எனக்குக் கொடு", "அவனுக்குத் தா" என்று கலந்துவிட்டோம். ஒரே ஒரு வேறுபாடு. தொல்காப்பியரின் கோடு நானும் நீயும் ஒரு பக்கம், அவன் மறுபக்கம் என்று போகிறது. ஜப்பானியக் கோடு இன்னும் இறுக்கமானது. "உனக்குத் தருகிறேன்" என்பதற்கும் அங்கே அகெருதான். நீயும் வெளியேதான்!

இதுவரை பொருளைக் கொடுப்பது பற்றி. என் கடிதத்தில் சிக்கல் வந்தது அடுத்த படியில். இந்த மூன்றையும் வேறு வினைக்குப் பின்னால் ஒட்டினால், அந்தச் செயலால் யாருக்கு நன்மை என்று காட்டும். தமிழில் "எழுதிக் கொடுத்தான்", "செய்து தந்தாள்" என்கிறோமே, அதே மாதிரி. ஆனால் தமிழில் அது விருப்பம். "அப்பா என்னை ஸ்டேஷனில் விட்டார்" என்று சொன்னால் அப்பா மேல் எனக்கு நன்றி இல்லை என்று யாரும் நினைக்க மாட்டார்கள். ஜப்பானியத்தில் எனக்கு நல்லது நடந்திருந்தால் அதை வினையில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், நடந்தது எனக்கு உதவியாகவே படவில்லை என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். "ஒகுரிமஷிதா" என்று மொட்டையாக எழுதியபோது, அவர் ஒரு பார்சலை ஸ்டேஷனில் சேர்த்தது போல ஆகிவிட்டது. அந்தப் பார்சல் நான்.

நான் வேறொரு வேலையும் செய்திருந்தேன். யாருக்கு என்று தெளிவாக இருக்கட்டும் என்று வரிக்கு வரி "வதாஷி" (நான்) என்ற சொல்லை எனக்கு, என்னை என்று நுழைத்திருந்தேன். சென்செய் சிவப்பு பேனாவால் முதலில் அடித்தது அவற்றைத்தான். "ட்சுகுத்தெ குரெமஷிதா" என்று சொன்னாலே "எனக்காகச் செய்தார்" என்பது வந்துவிடுகிறது. குரெரு இருக்கும் இடத்தில் "எனக்கு" தேவையில்லை. ஜப்பானியர்கள் நான், நீ எல்லாம் விட்டுவிட்டுப் பேசியும் எப்படிப் புரிகிறது என்று நானும் வியந்திருக்கிறேன். இந்த வினைகளும் அதற்கு ஒரு காரணம்.

அடுத்தது மரியாதை. பெரியவர்கள் எனக்குச் செய்ததற்கு குரெரு போதாது, குதசரு என்று வர வேண்டும். அதன் வேர் "கீழே இறங்குதல்". மேலிருந்து எனக்கு இறங்கி வருகிறது. அகெரு என்பதன் நேர்ப்பொருளே உயர்த்துதல். பெரியவரிடமிருந்து பெறுவதற்கான மரியாதைச் சொல் இதாதகு, அதன் பழைய பொருள் தலைமேல் வைத்துக்கொள்ளுதல். கொடுப்பது மேலே போகிறது, வருவது கீழே இறங்குகிறது, வாங்கியதைத் தலையில் ஏந்துகிறோம். இப்படி ஒரு படத்தை மனதில் வைத்துக்கொண்டபின் எனக்கு இந்தச் சொற்கள் குழம்பவில்லை.

ஆக, முதல் வரி "ட்சுகுத்தெ குதசைமஷிதா" ஆனது, இரண்டாவது "ஒகுத்தெ குதசைமஷிதா" ஆனது. மூன்றாவதில் சென்செய் ஒரு கேள்வி கேட்டார். "கஞ்ஜி சொல்லிக்கொடு என்று நீ கேட்டாயா, அவளாகவே வந்தாளா?" நான்தான் கேட்டேன் என்றேன். "அப்படியானால் மொரவு பொருத்தம்" என்றார். "ஒஷியேதெ மொரைமஷிதா", அதாவது நான் தங்கையிடம் கற்பித்தலைப் பெற்றேன். நாம் கேட்டோ ஏற்பாடு செய்தோ பெற்ற உதவிக்கு மொரவு வரும். அவர்களாக மனம் வந்து செய்ததற்கு குரெரு. அப்பாவிடம் நான் கேட்கவே இல்லை. மழை பெய்கிறது என்று அவராகவே சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அங்கே மொரவு போட்டிருந்தால் அவருடைய நல்ல மனது வாக்கியத்தில் பின்னுக்குப் போயிருக்கும். (தங்கை சிறியவள் என்பதால் மரியாதை வடிவம் வேண்டாம்.)

இப்போது நாலாவது வரி. முதல் மூன்றில் துணைவினையைப் போடாதது தப்பு என்று புரிந்துவிட்டது. நாலாவதில்தான் போட்டிருக்கிறேனே? "கறி செய்து கொடுத்தேன்." திசைகூடச் சரி, என்னிடமிருந்து வெளியே, அகெரு.

"இங்கே அதை எடுத்துவிடு" என்றார் சென்செய்.

அகெரு நன்மையைக் காட்டும் வினை. அதை என் செயலுக்கு நானே போட்டால், "நான் உனக்கு ஒரு உதவி செய்தேன், பார்த்துக்கொள்" என்று சொல்லிக்காட்டுவதாக ஆகிவிடும். பெரியவர்களிடம் நேரில் சொன்னால் முகம் சுளிப்பார்கள். அகெருவுக்கு மரியாதை வடிவமாக சஷியகெரு என்று ஒன்று உண்டு, அதைப் போட்டால் சரியாகுமா என்று கேட்டேன். ஆகாதாம். சொல் உயர்ந்தாலும் சொல்லிக்காட்டுவது அப்படியேதான் இருக்கும். தம்பிக்குச் சோறு கட்டிக் கொடுத்தேன் என்று மூன்றாம் ஆளிடம் சொல்லலாம், நெருங்கிய நண்பனிடம் சொல்லலாம், குழந்தையிடம் சொல்லலாம். உதவி பெற்ற பெரியவரிடமே சொல்லக்கூடாது. "கறி செய்தேன்", ட்சுகுரிமஷிதா, அவ்வளவுதான்.

அப்போதுதான் இன்னொன்று சுருக்கென்றது. வகுப்புக்கு வந்த முதல் மாதத்தில், சென்செய் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவதைப் பார்த்து, "மொத்தெ அகெமஷோ கா?" என்று பெருமையாகக் கேட்டிருந்தேன். தூக்கித் தரட்டுமா என்று கேட்டதாக என் நினைப்பு. அவர் காதில் "உனக்கு உபகாரம் செய்யட்டுமா" என்று விழுந்திருக்கும். அவர் பையைக் கொடுத்து அரிகதோ என்று மட்டும் சொன்னார். கேட்க வேண்டியது "ஒமொச்சி ஷிமஷோ கா". உபகாரம் என்ற பேச்சே அதில் இல்லை, பணிவு மட்டும்தான்.

ஆக நாலு தப்பில் மூன்று போடாத தப்பு, ஒன்று போட்ட தப்பு. எனக்கு வந்ததை எழுதாமல் விட்டிருக்கிறேன், நான் கொடுத்ததை எழுதி வைத்திருக்கிறேன். நன்றிக் கடிதத்தில்!

திருத்திய கடிதத்தை அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து பதில் வந்தது. அம்மாவின் கையெழுத்து. நான் படித்துவிடுவேனோ மாட்டேனோ என்று, ஒவ்வொரு கஞ்ஜிக்கு மேலும் பென்சிலில் சின்னதாக உச்சரிப்பு எழுதியிருந்தார். கடைசி வரி இது:

"கரே ஓ ட்சுகுத்தெ குரெதெ, அரிகதோ."

கறி செய்து தந்ததற்கு நன்றி. நான் என் வரியிலிருந்து எடுத்த துணைவினையை, அவர் தன் பக்கத்திலிருந்து, சரியான திசையில் போட்டிருந்தார்.