ழகரம் தொலைந்த தமிழ்

சென்ற ஆண்டு நம்முடைய துறையில் ஒரு சிறு சச்சரவு எழுந்தது. சொந்த ஊரின் நீர்நிலை ஒன்றைப் பார்த்துக் குறிப்பெழுதி வருமாறு மாணவர்களிடம் கூறியிருந்தோம். கைப்பேசியிலிருந்தே அனுப்பலாம் என்றதனால் பலர் தமிழை ஆங்கில எழுத்துகளில் தட்டி அனுப்பினர். அவற்றுள் ஒரு மாணவியின் குறிப்பை உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் கண்டறியும் மென்பொருளில் இட்டார். செயற்கை நுண்ணறிவு எழுதியது என்று விடை வந்தது. நாம் அதே குறிப்பில் இரண்டு சொற்களின் எழுத்துக்கூட்டலை மட்டும் மாற்றி மீண்டும் இட்டோம். மனிதர் எழுதியது என்றது. மதிப்பெண்ணும் ஒரு பெண்ணின் நற்பெயரும் இவ்விரு விடைகளுக்கிடையே தொங்கின.

இந்தத் தடுமாற்றத்தின் காரணம் எளியது. இத்தகைய மென்பொருள்களில் பல, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்பதை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்று அளக்கின்றன. ஊகம் எளிதில் பலித்தால் இயந்திரம், அடிக்கடி பொய்த்தால் மனிதர் என்பது கணக்கு. இவ்வளவுகோலுக்கு நிலையான எழுத்துக்கூட்டல் வேண்டும். ‘நான் நேற்று வந்தேன்’ என்பதை எடுத்துக்கொள்வோம். முதற்சொல்லை naan, nan என இருவகையாகவும், அடுத்ததை netru, nettru, nethu, neththu என நான்கு வகையாகவும், கடைசிச் சொல்லை vandhen, vanthen, vandhaen, vanthaen என நான்கு வகையாகவும் தட்டுவோர் உண்டு. மூன்றே சொற்களுக்கு 32 வடிவங்கள்! மறுதலையாக, vali என்ற ஒரே வடிவத்துள் வலியும் வழியும் வாளியும் ஒளிந்திருக்கின்றன. ஊகம் பொய்ப்பது எழுதியவரின் தனித்தன்மையாலா, வெறும் எழுத்துக்கூட்டலாலா என்று கருவியால் பிரிக்க இயலாது.

பழக்கமான மொழியிலேயே இக்கருவிகள் இடறியிருக்கின்றன. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் வெளியிட்ட கண்டறி கருவியை ஆங்கிலத்துக்கு மட்டுமே பயன்படுத்துமாறும், 1,000 எழுத்துகளுக்குக் குறைந்த பகுதிகளில் அதை நம்ப வேண்டாம் என்றும் தானே எச்சரித்தது. துல்லியம் போதாதென்று அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது. நம் மாணவியின் குறிப்போ ஆங்கிலமும் அன்று, நெடியதும் அன்று.

கருவியை ஒதுக்கிவிட்டுக் குறிப்பை நாமே வரிவரியாகப் படித்தோம். ஆங்கில எழுத்தில் தட்டுபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. இம்மாணவி தகரத்தை எங்கும் th என்றே எழுதுகிறாள்: antha, vanthaanga. ழகரம் அவளிடம் வெறும் l. பழைய என்பது palaya. ‘இல்லை’ மட்டும் அவசரத்துக்கேற்ப illa என்றும் ila என்றும் வருகிறது. ஆண்டு முழுவதும் அவள் நமக்கு அனுப்பிய செய்திகளிலும் இதே பழக்கம். ஆனால் குறிப்பின் நடுவே, குளத்தின் வரலாறு கூறும் பத்தி ஒன்றில் மட்டும் pazhaiya, irundhadhu என்று வந்தன. தகரம் dh ஆயிற்று. ழகரம் zh ஆகித் திரும்பிவந்தது. பேச்சு வழக்கு மறைந்து எழுத்து வழக்கு புகுந்தது. ஒரு பிறழ்ச்சியும் இல்லை.

இதோ அகப்பட்டது என்றார் நண்பர். நாமும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தோம். அழைத்துக் கேட்டபோது அவள் ஊர்க் கோயிலின் குடமுழுக்கு மலரைக் கொண்டுவந்து காட்டினாள். அந்தப் பத்தி அதிலிருந்தது. தமிழில் தட்டி, எழுத்து மாற்றும் செயலி ஒன்றில் இட்டு ஒட்டியிருக்கிறாள். எழுத்துக்கு எழுத்து ஒரே விதியைப் பின்பற்றுவது அத்தகைய செயலியின் இயல்பு. அவள் செய்த பிழை, எடுத்த இடத்தைக் குறிப்பிடாதது. அதற்குரிய மதிப்பெண்ணை மட்டும் குறைத்தோம்.

ஆகவே, காணக்கூடியது ஒன்று உண்டு. ஒருவரின் முந்தைய எழுத்து கையில் இருந்தால், அவருடைய பழக்கம் எங்கே முறிகிறது என்பதைக் காணலாம். அம்முறிவு ‘இவ்விடத்தில் வேறொரு வழி புகுந்திருக்கிறது’ என்று மட்டுமே சொல்லும். அந்த வழி மலரா, தோழியா, இயந்திரமா என்பதைச் சொல்லாது. முறிவு இல்லாததும் சான்றாகாது. கொச்சையாகவும் எழுத்துக்கூட்டல் மாற்றியும் எழுதச் சொன்னால் இயந்திரமும் எழுதிவிடும். முந்தைய எழுத்து ஏதும் இல்லாத அயலாரின் நான்கு வரிகளைப் பற்றியோ, எதையும் சொல்லாதிருப்பதே முறை.

அந்த மலர் இன்னும் நம் மேசையில்தான் இருக்கிறது. திருப்பித் தர வேண்டும்.